வேகம் குறைந்தால் டார்க் ஏறுவது ஏன்? ஒரு கலவை மிஷினை வைத்துப் பார்ப்போம்

"கியர் பாக்ஸ் போட்டா மோட்டார் பவர் ஏறிடும்." ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கலாம், டீக்கடையிலும் கேட்கலாம். சொல்பவர் பார்த்ததில் தப்பில்லை. மோட்டாரை நேரடியாகக் கோத்தால் அசையாத பாரம், நடுவில் கியர் வந்ததும் சுற்றுகிறது. ஆனால் ஏறியது பவர் இல்லை. மோட்டாருக்குள் கரண்ட் கொண்டுவந்து போட்டதைத் தாண்டி ஒரு வாட் கூட கியர் தராது. கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் தரும்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு வரும் குழப்பம் வேறு மாதிரி. டிப்ளமோ படிப்பவரும் ஐடிஐ முடித்தவரும் சூத்திரத்தை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். கேள்வித்தாளைத் திறந்ததும் எது மேலே, எது கீழே என்று தடுமாறுவார்கள். நான்கு விடைகளில் ஒன்று, சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டால் வரும் எண்ணாகவே இருக்கும். தப்பாகப் போட்டும் விடை "கிடைத்துவிட்ட" நிம்மதியோடு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

இரண்டு குழப்பத்துக்கும் மருந்து ஒன்றே. இரண்டு சக்கரங்களும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பழகினால், சூத்திரம் மறந்தாலும் கவலையில்லை.

## தொடும் இடத்தில் வேகம் ஒன்று

காலால் மிதிக்கும் பழைய தையல் மிஷினை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே பெரிய சக்கரம், மேலே கைவைத்துத் திருப்பும் சின்னச் சக்கரம், இரண்டையும் இணைக்கும் தோல் பெல்ட். கீழ்ச் சக்கரத்தின் விட்டம் 30 செ.மீ., மேல் சக்கரம் 7.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

கீழ்ச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் அதன் சுற்றளவு அளவுக்கு, அதாவது சுமார் 94 செ.மீ. நீளத்துக்கு, பெல்ட் ஓடியாக வேண்டும். அந்த 94 செ.மீ. எங்கே போகும்? நடுவழியில் குவியாது, காணாமலும் போகாது. மேல் சக்கரத்தின் மேலாகத்தான் ஓடியாக வேண்டும். மேல் சக்கரத்தின் சுற்றளவு 23.5 செ.மீ. சொச்சம். ஆகவே அது நான்கு முறை சுற்றினால்தான் கணக்கு தீரும்.

இவ்வளவுதான் விஷயம். பெல்ட் ஓடும் வேகம் இரண்டு சக்கரத்தின் விளிம்பிலும் ஒன்று. விளிம்பு ஒரே வேகத்தில் ஓடும்போது, சின்னது அதிகம் சுற்றும், பெரியது குறைவாகச் சுற்றும். எழுத்தில் போட்டால்:

`N1 × D1 = N2 × D2`

N என்பது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண், ஆர்.பி.எம். D என்பது புல்லியின் விட்டம். புல்லி என்றால் பெல்ட் ஏறி ஓடும் சக்கரம். 1 என்று குறித்தது ஓட்டும் சக்கரம், 2 என்று குறித்தது ஓடும் சக்கரம். இந்த வடிவத்தில் எழுதிவைத்தால் மேலே கீழே என்ற பிரச்சினையே எழாது. இடப்பக்கம் ஒரு சக்கரம், வலப்பக்கம் மற்றது.

கியருக்கு வந்தால் இன்னும் சுலபம், பல்லை எண்ணினால் போதும். ஒரு பல் வந்து மோதினால் எதிரே ஒரு பல் நகர வேண்டும், அரைப் பல் நகர வழியில்லை. 12 பல் உள்ள கியர் ஒரு சுற்று முடித்தால் எதிரே சரியாக 12 பல் நகர்ந்திருக்கும். எதிரே இருப்பதற்கு 144 பல் என்றால் அது பன்னிரண்டில் ஒரு பங்குதான் திரும்பியிருக்கும்.

`N1 × z1 = N2 × z2`

பல்லின் எண்ணிக்கைக்குப் பல புத்தகங்கள் T என்று போடுகின்றன. டார்க்குக்கும் T, பெல்ட்டின் இழுவைக்கும் T. ஒரே கணக்கில் மூன்று T வந்து மாணவரைச் சுற்றவைத்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே பல்லுக்கு z.

## தொடும் இடத்தில் விசையும் ஒன்று

இப்போது டார்க். பள்ளிப் பாடநூலில் இதற்குத் திருப்பு விசை என்று பெயர். ஒன்றைத் திருப்ப எவ்வளவு விசை கொடுக்கிறோம், மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிக் கொடுக்கிறோம் என்ற இரண்டையும் பெருக்கினால் வருவது டார்க்.

லாரி டயர் கழற்றும்போது வீல் நட் அசையவில்லை என்றால், ஸ்பானரில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீட்டிப் பிடிப்பார்கள். மனிதர் அதேதான், அவர் அழுத்தும் விசையும் அதேதான். தூரம் இரண்டு மடங்கானதால் நட்டுக்குப் போகும் டார்க் இரண்டு மடங்கு. அதற்குக் கை இரண்டு மடங்கு தூரம் நகர வேண்டும் என்பதை யாரும் புகாராகச் சொல்வதில்லை.

கியரில் இதுவேதான் நடக்கிறது. சின்ன கியரின் பல் பெரிய கியரின் பல்லை எவ்வளவு விசையோடு தள்ளுகிறதோ, அதே விசையோடு பெரியது சின்னதைத் திருப்பித் தள்ளும். விசை ஒன்று. ஆனால் சின்னதன் ஆரம் குறைவு, பெரியதன் ஆரம் அதிகம். ஒரே விசை, நீளமான ஸ்பானர்: டார்க் ஏறிவிடுகிறது.

பெல்ட்டில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. பெல்ட் சக்கரத்தின் இரண்டு பக்கத்திலும் இழுக்கிறது. ஓட்டும் புல்லி எந்தப் பக்கத்தைத் தன்னை நோக்கி இழுக்கிறதோ அது இறுகிய பக்கம், மற்றது தளர்ந்த பக்கம். இறுகிய பக்கம் 350 நியூட்டன், தளர்ந்த பக்கம் 100 நியூட்டன் என்றால் திருப்புவதற்கு உதவுவது அவற்றின் வித்தியாசமான 250 மட்டும்தான். இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் தண்டு வளையப் பார்க்கும், சுற்றாது. "பெல்ட்டை நல்லா டைட் வெச்சா டார்க் கூடும்" என்பது இங்கேதான் பிசகுகிறது. டைட் வைப்பது வழுக்காமல் இருக்க உதவும். ஆனால் டார்க் தருவது வித்தியாசம். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங்தான் அடிவாங்கும்.

இதுவரை இரண்டே செய்தி. தொடும் இடத்தில் வேகம் ஒன்று என்பதால் பெரிய சக்கரம் மெதுவாகச் சுற்றுகிறது. தொடும் இடத்தில் விசை ஒன்று என்பதால் பெரிய சக்கரத்துக்கு அதிக டார்க் கிடைக்கிறது. எத்தனை மடங்கு வேகம் குறைந்ததோ அத்தனை மடங்கு டார்க் ஏறும். இரண்டையும் பெருக்கினால் வருவது மாறவில்லை, அந்தப் பெருக்கல்தான் பவர்.

`P = T × N / 9550`

இதில் P கிலோவாட்டில், T டார்க், நியூட்டன் மீட்டரில், N ஆர்.பி.எம். 9550 என்பது அலகுகளை ஒத்துப்போக வைக்கும் எண், வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

## கலவை மிஷின் கணக்கு

வீடு கட்டும் இடத்தில் நிற்கும் சின்னக் கலவை மிஷினை எடுத்துக்கொள்வோம். மோட்டாரின் தண்டில் ஒரு சின்ன புல்லி. அதிலிருந்து வி-பெல்ட் ஒரு பெரிய புல்லிக்குப் போகிறது. பெரிய புல்லி இருக்கும் அதே தண்டின் மறுமுனையில் பினியன், அதாவது சின்ன கியர். அந்தப் பினியன் டிரம்மின் வயிற்றைச் சுற்றிப் பூட்டிய பெரிய ரிங் கியரைத் தள்ளுகிறது. பெல்ட்டும் கியரும் சேர்ந்து வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல மிஷின் இல்லை, எல்லாம் வெளியே தெரியும்.

அளவுகளை இப்படி வைத்துக்கொள்வோம். மோட்டார் 1.5 கிலோவாட் (2 எச்.பி.), முழுப் பாரத்தில் 1440 ஆர்.பி.எம். மோட்டார் புல்லி 80 மி.மீ., பெரிய புல்லி 400 மி.மீ. விட்டம். பினியனில் 12 பல், ரிங் கியரில் 144 பல்.

முதலில் வேகம். 1440 × 80 = N2 × 400 என்று எழுதினால் பெரிய புல்லியின் வேகம் 288. பினியனும் அதே தண்டில் இருப்பதால் அதற்கும் 288. பிறகு 288 × 12 = N × 144. டிரம்மின் வேகம் 24 ஆர்.பி.எம். பெல்ட்டில் 5 மடங்கு, கியரில் 12 மடங்கு, மொத்தம் 60 மடங்கு குறைந்திருக்கிறது.

அடுத்து டார்க். மோட்டாரின் தண்டில் 9550 × 1.5 / 1440, அதாவது சுமார் 9.95 நியூட்டன் மீட்டர். சின்ன புல்லியின் ஆரம் 0.04 மீட்டர், ஆகவே பெல்ட் இழுக்கும் விசை சுமார் 249 நியூட்டன். அதே 249 பெரிய புல்லியில் 0.2 மீட்டர் தூரத்தில் இழுக்கிறது. அங்கே டார்க் 49.7. ஐந்து மடங்கு, சூத்திரம் இல்லாமலே வந்துவிட்டது.

பினியனின் ஆரம் 36 மி.மீ., ரிங் கியரின் ஆரம் 432 மி.மீ. என்றால், பல்லில் விழும் விசை 49.7 / 0.036, சுமார் 1380 நியூட்டன். ஏறத்தாழ 140 கிலோ பாரம் ஒரு பல்லின் மேல் உட்கார்ந்த மாதிரி. அந்த 1380 நியூட்டன் 0.432 மீட்டர் தூரத்தில் டிரம்மைத் திருப்புகிறது: சுமார் 597 நியூட்டன் மீட்டர். 9.95 என்று புறப்பட்டது 60 மடங்கு ஏறிவிட்டது.

பவரைச் சரிபார்ப்போம். 597 × 24 / 9550 = 1.5 கிலோவாட். மோட்டாரில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான். பெல்ட்டிலும் பார்க்கலாம்: அது விநாடிக்கு சுமார் 6 மீட்டர் ஓடுகிறது, 249 நியூட்டனோடு இழுக்கிறது. பெருக்கினால் 1500 வாட் பக்கம் வரும்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 597 என்பது மோட்டார் தன் முழுத் திறனில் ஓடும்போது டிரம்முக்குக் கிடைக்கக்கூடிய அளவு. காலி டிரம் சுற்றும்போது அவ்வளவு டார்க் அங்கே இருக்காது. பாரம் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுதான் மோட்டார் கொடுக்கும். ஜல்லியும் சிமெண்டும் மணலும் விழ விழத்தான் டார்க்கும் ஏறும், மோட்டார் இழுக்கும் கரண்டும் ஏறும்.

## பெல்ட் முதலில், கியர் கடைசியில்: ஏன்?

வரிசையை மாற்றினால் என்ன? 60 மடங்கு 60 மடங்குதானே, முதலில் கியர் வைத்துவிட்டு டிரம் பக்கம் பெல்ட் வைக்கலாமே என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. போட்டுப் பார்ப்போம்.

மோட்டாரிலிருந்து நேராகக் கியரில் 12 மடங்கு குறைத்தால் 120 ஆர்.பி.எம்., டார்க் சுமார் 119. இதை 80 மி.மீ. புல்லிக்குக் கொடுத்தால் பெல்ட்டில் விழும் விசை 119 / 0.04, ஏறக்குறைய 3000 நியூட்டன். முன்பு 249 இருந்த இடத்தில் 3000! சின்ன மிஷினில் மாட்டும் ஒற்றை வி-பெல்ட்டுக்கு இது தாங்காது, புல்லியின் மேலேயே வழுக்கும் அல்லது அறுந்துவிடும்.

பெல்ட்டுக்குப் பிடித்தது வேகமான ஓட்டமும் லேசான இழுவையும். கியர் பல்லுக்கு மெதுவான ஓட்டத்தில் கனமான தள்ளல் ஒத்துக்கொள்ளும். அதனால்தான் மோட்டார் பக்கம் பெல்ட், பாரத்தின் பக்கம் கியர். கூடவே ஒரு லாபம்: டிரம்முக்குள் பெரிய கல் சிக்கித் திடீரென்று நின்றால் பெல்ட் வழுக்கி, பல்லும் மோட்டாரும் ஒரேயடியாக அடிவாங்காமல் காப்பாற்றும்.

## நடுவில் நிற்கும் கியர்

கேள்வித்தாளில் மிகவும் பிடித்தமான பொறி இது. 20 பல் கியர் 600 ஆர்.பி.எம்மில் சுற்றுகிறது. அது 30 பல் கியரைத் தள்ளுகிறது, அந்த 30 பல் கியர் 60 பல் கியரைத் தள்ளுகிறது. ஒவ்வொன்றும் தனித்தனித் தண்டில். கடைசி கியரின் வேகமும் திசையும் என்ன?

பல்லை எண்ணுங்கள். முதல் கியர் 20 பல் நகர்த்தினால் நடுவில் 20 பல் நகரும். நடு கியர் அந்த 20 பல்லையே அடுத்ததுக்குக் கொடுக்கும். தன்னிடம் 30 பல் இருக்கிறதா 300 இருக்கிறதா என்பது அதற்கே அக்கறை இல்லை. 600 × 20 = N × 60, விடை 200. நடு கியர் கணக்கிலேயே வரவில்லை. இப்படி நடுவில் நின்று கைமாற்றிவிடும் கியருக்கு ஐட்லர் என்று பெயர்.

அது செய்யும் ஒரே மாற்றம் திசை. தொட்டுச் சுற்றும் இரண்டு கியர்கள் எதிரெதிராகச் சுற்றும். மூன்றாவது வந்தால் முதலும் கடைசியும் ஒரே திசை. லேத்தில் இடப்புரி மரை வெட்ட வேண்டும் என்றால் லீடு ஸ்க்ரூ எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். அதற்காக ஒரு லீவரைத் தள்ளி, நடுவில் ஒரு ஐட்லர் வருவதை இரண்டாக மாற்றிவிடுவார்கள். மரையின் பிட்ச் அப்படியே இருக்கும், திசை மட்டும் மாறும்.

டார்க்கையும் ஐட்லர் மாற்றாது. ஒரு பக்கம் தள்ளு வாங்குகிறது, மறுபக்கம் அதே விசையைக் கொடுக்கிறது. ஆரம் அதே ஆரம், ஆகவே அதன் தண்டுக்கு டார்க் பூஜ்யம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்று கியரும் ஒரே கோட்டில் இருந்தால், இரண்டு பக்கத்து விசையும் ஐட்லரை ஒரே திசையில் தள்ளுகின்றன. பேரிங்குக்கு இரட்டைப் பாரம். கணக்கில் வராத கியர்தான் முதலில் சத்தம் போடத் தொடங்கும் என்று மெக்கானிக்குகள் சொல்வது காரணமில்லாமல் இல்லை.

## ஒரே தண்டில் இரண்டு கியர்

இப்போது நடுவில் இரண்டு கியர்களை ஒரே தண்டில் பூட்டினால் கதை மாறிவிடும். இதற்குக் கூட்டு கியர் வரிசை என்று பெயர். 20 பல் கியர் 60 பல்லைத் தள்ளுகிறது. அந்த 60 பல்லின் தண்டிலேயே ஒரு 15 பல் கியர். அது 45 பல்லைத் தள்ளுகிறது. முதல் தண்டு 900 ஆர்.பி.எம். என்றால் கடைசித் தண்டு?

முதல் தொடுமிடத்தில் 3 மடங்கு குறைந்து 300. ஒரே தண்டு என்பதால் 15 பல் கியருக்கும் 300. இரண்டாவது தொடுமிடத்தில் மறுபடி 3 மடங்கு குறைந்து 100. மொத்தம் 9 மடங்கு.

விடைகளில் 100, 150, 300, 400 என்று இருக்கும். 150 எங்கிருந்து வந்தது? மூன்றையும் மூன்றையும் கூட்டி ஆறு என்று எடுத்தவருக்காக. 400? நடுவில் இருப்பதை ஐட்லர் என்று நினைத்து 20-க்கும் 45-க்கும் மட்டும் கணக்குப் போட்டவருக்காக. 300-ல் நின்றவர் பாதி வழியில் இறங்கிவிட்டார். கலவை மிஷினும் ஒரு வகையில் இதே அமைப்புதான், முதல் ஜோடி கியருக்குப் பதில் பெல்ட் இருக்கிறது, அவ்வளவே.

சுருக்கமாக: தண்டுக்கு ஒரு கியர் என்றால் நடுவில் உள்ளவை வேகத்தைத் தொடாது. ஒரே தண்டில் இரண்டு கியர் என்றால் மடங்குகளைப் பெருக்க வேண்டும், கூட்டக்கூடாது.

## இழப்பு எங்கே போய் விழுகிறது?

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். பெல்ட்டிலும் கியரிலும் பவர் இழப்பு உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இழப்பு வேகத்தில் குறைகிறதா, டார்க்கில் குறைகிறதா?

கியரில் பல் வழுக்கவே முடியாது. வேகம் பல் எண்ணிக்கையின் பிடியில் இருக்கிறது, ஒரு சுற்று கூடக் குறையாது. அப்படியானால் உராய்வில் போன பவர் எதிலிருந்து கழியும்? டார்க்கிலிருந்துதான். திறந்த வெளியில் மண்ணும் சிமெண்டும் படிந்து ஓடும் ரிங் கியருக்கு 90 சதவீதம் திறன் என்று வைத்தால், டிரம்மின் டார்க் 597 அல்ல, சுமார் 537.

பெல்ட்டில் நேர் எதிர். பாரம் ஏறும்போது பெல்ட் புல்லியின் மேல் லேசாகப் பின்தங்கும். இதற்கு ஸ்லிப் என்று பெயர். 3 சதவீதம் ஸ்லிப் என்றால் பெரிய புல்லி 288-க்குப் பதில் 288 × 0.97, சுமார் 279 சுற்றும். ஆனால் பெல்ட் ஒரே பெல்ட், அதன் இரு பக்க இழுவையின் வித்தியாசம் இரண்டு புல்லிக்கும் ஒன்றுதான். ஆகவே டார்க் ஐந்து மடங்கிலேயே நிற்கும். இழப்பு முழுவதும் வேகத்தில் கழிகிறது. பெல்ட் வளைந்து நிமிர்வதில் கொஞ்சம் இழப்பு உண்டு, ஆரம்பப் பாடத்துக்கு அதை விட்டுவிடலாம்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் டிரம் 23.3 ஆர்.பி.எம்., 537 நியூட்டன் மீட்டர். பவர் சுமார் 1.31 கிலோவாட். 1.5 × 0.97 × 0.9 போட்டாலும் அதே 1.31 வரும்.

ஸ்லிப் ஓர் எல்லைக்குள் இருக்கும்வரைதான் இந்தக் கதை. பெல்ட்டின் பிடிப்புக்கு உச்சவரம்பு உண்டு. பாரம் அதைத் தாண்டினால் பெல்ட் முழுதாக வழுக்கும், கீச்சிடும், ரப்பர் கருகும் வாசனை வரும். முதலில் வழுக்குவது சின்ன புல்லியில்தான். இரண்டு தண்டுக்கும் இடையில் 500 மி.மீ. தூரம் என்றால் நம்முடைய மிஷினில் பெல்ட் சின்ன புல்லியைச் சுமார் 143 பாகை மட்டுமே அணைத்திருக்கும், பெரியதை 217 பாகை. அணைப்பு குறைந்த இடத்தில் பிடிப்பும் குறைவு.

## நான்கு விடைகளை எப்படிப் பார்ப்பது?

நம் மிஷினின் பெல்ட்டையே கேள்வியாக்கினால் இப்படி வரும்: மோட்டார் 1440 ஆர்.பி.எம்., 9.95 நியூட்டன் மீட்டர். புல்லிகள் 80, 400. இழப்பு இல்லை. ஓடும் புல்லியின் வேகமும் டார்க்கும் என்ன? விடைகள்: 288-ம் 1.99-ம், 288-ம் 49.7-ம், 7200-ம் 49.7-ம், 7200-ம் 1.99-ம்.

பேனாவைத் தொடாமலே இரண்டைத் தள்ளிவிடலாம். இரண்டும் ஏறியிருந்தால் பவர் வானத்திலிருந்து வந்ததாக அர்த்தம், மூன்றாவது போனது. இரண்டும் இறங்கியிருந்தால் பவர் எங்கோ கொட்டிப்போனதாக அர்த்தம், முதலாவது போனது. மிச்சம் இரண்டு. ஓடும் புல்லி பெரியது, ஆகவே மெதுவாகத்தான் சுற்றும். விடை 288-ம் 49.7-ம்.

ஸ்லிப் கேள்வியில் 279-க்குப் பக்கத்திலேயே 297 என்ற விடை இருக்கும். 0.97-ஆல் பெருக்குவதற்குப் பதில் வகுத்தவருக்காக வைத்தது. வழுக்கினால் ஓடும் புல்லி பின்தங்கத்தான் செய்யும், முந்தாது. இதை நினைத்தாலே 297 விழுந்துவிடும்.

பொறுமையைச் சோதிப்பது வரையறைதான். பெல்ட் பாடத்தில் வேக விகிதம் என்றால் ஓடும் புல்லியின் வேகத்தை ஓட்டும் புல்லியின் வேகத்தால் வகுத்தது என்று நம் ஊரில் புழங்கும் பல பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. கியர் பாடத்துக்கு வந்ததும் அதே புத்தகங்கள் ஓட்டுவதை மேலே போட்டு ஓடுவதைக் கீழே போடுகின்றன. முதல் கணக்கில் நம் பெல்ட்டின் விகிதம் 0.2, இரண்டாவது கணக்கில் நம் கியரின் விகிதம் 12. இரண்டும் வேகத்தைக் குறைப்பவைதான்! விகிதத்தை மட்டும் கேட்கும் கேள்வியில் 5-ம் 0.2-ம் இரண்டுமே விடைகளாக இருந்தால், கேள்வி எதை எதனால் வகுக்கச் சொல்கிறது என்று ஒரு வரி விடாமல் படியுங்கள். சொல்லவே இல்லை என்றால் அந்தப் பாடத்திட்டத்தின் வரையறைதான் கதி. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

## சாக்பீஸ் துண்டு ஒன்று போதும்

கலவை மிஷின் "இழுக்க மாட்டேங்குது" என்றால் எங்கே கோளாறு என்று இதே அறிவை வைத்துக் கண்டுபிடிக்கலாம். டிரம்மின் மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, தள்ளி நின்றபடி ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். கை பெல்ட் பக்கமோ பல் பக்கமோ போகக்கூடாது.

முழுப் பாரத்தில் 23 சுற்று வந்தால் எல்லாம் சரி. காலி டிரம்மில் 24-ஐத் தாண்டி ஒரு சுற்று கூடவே வரலாம், ஏனென்றால் பாரம் இல்லாதபோது மோட்டார் 1440-க்கு மேலேயே ஓடும். பாரம் போட்டதும் 20-க்கு இறங்கினால்? கியரில் சுற்றுகள் காணாமல் போக வழியில்லை, பல் எண்ணிக்கை மாறவில்லை. குறைந்த சுற்று பெல்ட்டில் தொலைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மோட்டாரே மெதுவாகிவிட்டிருக்க வேண்டும். மோட்டாரின் சத்தம் சீராக இருந்து பெல்ட் கீச்சிட்டால் ஆறில் ஒரு பங்கு வேகம் பெல்ட்டில்தான் போகிறது. பெல்ட்டை இறுக்கவோ மாற்றவோ வேண்டும். மோட்டார் முனகி, சூடாகி, விளக்கு மங்கினால் வோல்டேஜைப் பாருங்கள்.

சுற்று 23 சரியாக வந்தும், வழக்கமான அளவு கலவைக்கே மோட்டார் அதிகம் கரண்ட் இழுத்தால் வேகத்தில் இழப்பில்லை, டார்க்கில் இழப்பு. ரிங் கியரின் பல்லிடுக்கில் காய்ந்து கெட்டியான சிமெண்ட் இருக்கிறதா, பேரிங்கில் கிரீஸ் இருக்கிறதா என்று மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பாருங்கள்.